விக்ஸ்: பயத்தை அளந்த எண் வடிகட்டியான கதை

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை. நியூயார்க்கில் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அன்று சந்தையில் எவ்வளவு பயம் இருந்தது என்று சொல்ல யாரிடமும் ஓர் எண் இல்லை. ஆப்ஷன் வியாபாரிகளுக்கு மட்டும் அது விலையாகத் தெரிந்தது. சரிவுக்கு எதிரான காப்பீடாக வாங்கப்படும் புட் ஆப்ஷன்களின் விலை எகிறியிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த விலைகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அன்றைய மாலைக்கு 150 என்ற எண் வந்தது. இன்றுவரை வேறெந்த நாளும் அந்த உயரத்தில் முடிந்ததில்லை.

ஆப்ஷன் விலைக்குள் ஒளிந்திருக்கும் இந்தப் பயத்தைப் பிரித்தெடுத்து ஒரு குறியீடாக வெளியிட வேண்டும் என்று முதலில் எழுதியவர்கள் மெனாகெம் பிரென்னர், டான் கலாய் என்ற இரு நிதியியல் பேராசிரியர்கள். 1980களின் பிற்பகுதியில் அவர்கள் முன்வைத்த யோசனை சில ஆண்டுகள் காகிதத்திலேயே கிடந்தது. பிறகு சிகாகோ ஆப்ஷன் சந்தையான சிபோ, ட்யூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வேலியிடம் இந்த வேலையை ஒப்படைத்தது. 1993 ஜனவரியில் விக்ஸ் பிறந்தது.

பிறந்தபோது அது சின்னக் கணக்குதான். அக்காலத்தில் அதிகம் கைமாறியவை எஸ் அண்ட் பி 100 குறியீட்டின் ஆப்ஷன்கள். அவற்றில் சந்தை விலைக்கு மிக அருகில் இருந்த எட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த ஒரு மாதத்துக்குச் சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை ஆண்டுக் கணக்கில் சதவீதமாகச் சொன்னார்கள். 2003 செப்டம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சிபோ கணக்கையே மாற்றியது. அடிப்படை எஸ் அண்ட் பி 500 ஆனது. எட்டு ஆப்ஷன்களுக்குப் பதிலாக, சந்தை விலையிலிருந்து தொலைவில் இருக்கும் புட், கால் எல்லாம் உள்ளே வந்தன. வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளியை ஒவ்வொன்றுக்கும் எடுத்து, குறிப்பிட்ட எடையோடு கூட்டி, சரியாக 30 நாட்களுக்கு உரிய எண்ணாக மாற்றுகிறார்கள். இந்த நடுப்புள்ளி பின்னால் ஒரு வில்லங்கத்துக்குக் காரணமாகப்போகிறது.

எண்ணைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16. விக்ஸ் 16 என்றால், சந்தை ஒரு நாளைக்கு ஏறியோ இறங்கியோ 1 சதவீத அளவு நகரும் என்று ஆப்ஷன் விலைகள் கணிக்கின்றன. 32 என்றால் 2 சதவீதம். எந்தத் திசையில் என்று விக்ஸ் ஒருபோதும் சொல்வதில்லை. ஆனாலும் சந்தை விழும்போதே மக்கள் காப்பீட்டுக்கு ஓடுவதால், விக்ஸ் ஏறுவதும் பங்குகள் சரிவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. பயக் குறியீடு என்ற பெயர் வந்தது இதனால்தான்.

அந்தப் பெயர் பரவியதும், பங்கு வாங்குவோர் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். விக்ஸ் 20க்குக் கீழே இருந்தால் பங்கில் இரு, மேலே போனால் பணமாக்கி ஒதுங்கு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இதை 1990களின் கடைசியில் வைத்துப் பாருங்கள். 1998, 1999 ஆண்டுகளின் சராசரி விக்ஸ் 20களின் நடுவில் இருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் எஸ் அண்ட் பி 500 சுமார் 970லிருந்து 1,469க்கு ஏறியது. 20 என்ற கோட்டை நம்பியவர் அந்த ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு வெளியே நின்றிருப்பார். மறுபக்கம் 2017. அந்த ஆண்டின் சராசரி விக்ஸ் சுமார் 11, நவம்பர் 3 அன்று முடிவு வெறும் 9.14. அப்போது 15 என்பதே பெரிய அலாரம். ஒரு காலத்தின் இயல்பு இன்னொரு காலத்தின் பீதி. ஆகவே விக்ஸின் அளவை மட்டும் வைத்து ஒரு நிரந்தரக் கோடு கிழிக்க முடியாது. இதற்கு விடை விக்ஸின் அடுத்த பருவத்தில் கிடைத்தது.

2004 மார்ச்சில் விக்ஸ் மீதான ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் வர்த்தகத்துக்கு வந்தன, 2006இல் ஆப்ஷன்களும் வந்தன. இதில் கவனிக்க ஒன்று உண்டு. விக்ஸ் என்ற எண்ணை யாரும் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. அது ஒரு கணக்கின் விடை, அவ்வளவுதான். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம் கழித்து அந்த விடை என்னவாக இருக்கும் என்பதை மட்டுமே விலைபேச முடியும். அந்த விலைகளை வரிசையாக அடுக்கினால் ஒரு வளைவு கிடைக்கிறது. 2007இல் சிபோ மூன்று மாதத்துக்கான குறியீட்டையும் வெளியிட்டது. இன்று திரையில் VIX3M என்று தெரிவது அதுதான். பயத்தின் அளவோடு அதன் காலமும் இப்போது எண்ணாகக் கிடைத்தது. சந்தை அஞ்சுவது அடுத்த மாதத்தையா, அடுத்த காலாண்டையா?

இந்த வளைவு எப்படி வளைகிறது என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். அமைதியான காலம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதத்துக்கு 13 அளவு ஏற்ற இறக்கம் எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கடுத்த இரண்டு மாதங்களில் என்ன வரும் என்று தெரியாததால் ஒவ்வொன்றுக்கும் 17. ஏற்ற இறக்கத்தை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, வர்க்கப்படுத்தித்தான் எடுக்க வேண்டும். 169, 289, 289 மூன்றின் சராசரி 249, அதன் வர்க்கமூலம் சுமார் 15.8. ஒரு மாத எண் 13, மூன்று மாத எண் 15.8. விகிதம் 0.82. வளைவு மேல்நோக்கிச் செல்கிறது. இதற்கு கண்டாங்கோ என்று பெயர். மிகப் பெரும்பாலான நாட்களில் சந்தை இப்படித்தான் இருக்கும்.

இப்போது ஓர் அதிர்ச்சி வருகிறது. அடுத்த மாதத்துக்கான எதிர்பார்ப்பு 40க்குத் தாவுகிறது. ஆனால் எந்தப் புயலும் அடங்கும் என்று சந்தைக்கு அனுபவம் சொல்கிறது, அதனால் பிந்தைய இரண்டு மாதங்களுக்கு 25தான். மூன்று மாத எண் சுமார் 31. விகிதம் 1.3. வளைவு தலைகீழாகிவிட்டது. இதுதான் பேக்வார்டேஷன். இனி வரப்போவதைவிட இப்போது நடப்பதே பயங்கரம் என்று சந்தை விலைபேசுகிறது.

இந்த விகிதத்தின் வலிமை, அது தன் காலத்தைத் தானே அளவுகோலாக்கிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது. இயல்பே 25 ஆக இருக்கும் காலத்தில் மூன்று மாத எண்ணும் அதையொட்டியே இருக்கும். ஒரு மாத எண் 24இல் நின்றால் விகிதம் 1க்குக் கீழே, எந்த அலாரமும் இல்லை. இயல்பு 11 ஆக இருக்கும் காலத்தில் விக்ஸ் 18ஐத் தொட்டாலே விகிதம் 1ஐத் தாண்டக்கூடும். ஆகவே வடிகட்டியின் விதி எளிது: மாலையில் விகிதம் 1க்குக் கீழே முடிந்தால் பங்கில் இரு, மேலே முடிந்தால் ஒதுங்கு. எந்தப் பங்கை வாங்குவது என்பதை உங்கள் வழக்கமான உத்தியே முடிவு செய்யட்டும். அந்த உத்தி இன்று ஓடலாமா கூடாதா என்பதை மட்டும் வடிகட்டி சொல்கிறது.

எழுத இரண்டே வரி. ஆனால் பலர் அந்த இரண்டாவது வரியில்தான் சறுக்குகிறார்கள்.

```
ratio = vix_close / vix3m_close
hold = (ratio < 1.0).shift(1)
```

அந்த `shift(1)` இல்லாமல் சோதித்தால், இன்று மாலை கிடைத்த சைகையை வைத்து இன்றைய சரிவையே தவிர்த்ததாகக் கணினி காட்டும். வரைபடம் அழகாக ஏறும், அது முழுப் பொய். இதைவிட நுணுக்கமான ஒரு கண்ணியும் உண்டு. அமெரிக்கப் பங்குச் சந்தை மாலை 4 மணிக்கு மூடுகிறது. விக்ஸின் முடிவு எண் 4:15க்கு வருகிறது. அந்த எண்ணை வைத்து 4 மணி விலையில் விற்றதாகக் கணக்கு எழுதினால், பதினைந்து நிமிட எதிர்காலத்தை இரவல் வாங்கியதாகிறது. நேர்மையான சோதனை அடுத்த நாள் விலையில்தான் வாங்கி விற்க வேண்டும். அது அடுத்த நாளின் முடிவு விலை என்றால் `shift(2)` வேண்டும்.

2020ஐ அந்த நேர்மையோடு நடத்திப் பார்ப்போம். பிப்ரவரி 21 வெள்ளியன்று விக்ஸ் 17.08. திங்கள் 24ஆம் தேதி, இத்தாலியில் கொரோனா பரவும் செய்தியோடு, 25.03. அளவு 20ஐத் தாண்டியது, வளைவும் தலைகீழானது. இரண்டு விதிகளும் ஒரே மாலையில் விற்கச் சொல்கின்றன. செவ்வாய் முடிவு விலையில், எஸ் அண்ட் பி 3,128இல் விற்கிறோம். மார்ச் 16 அன்று சந்தை ஒரே நாளில் 12 சதவீதம் விழுந்து விக்ஸ் 82.69இல் முடிந்தது. 2008 நெருக்கடியின் உச்ச முடிவான 80.86ஐக் கூட அது தாண்டியது. மார்ச் 23 அன்று எஸ் அண்ட் பி 2,237. விற்ற விலையிலிருந்து 28 சதவீதம் கீழே.

இதுவரை இருவருக்கும் ஒரே கதை. இங்கிருந்துதான் பாதைகள் பிரிகின்றன. ஏப்ரல் நடுப்பகுதியில் விக்ஸ் இன்னும் 40ஐ ஒட்டி இருந்தது, எந்த அளவுகோலிலும் பீதிதான். ஆனால் வளைவு நிமிர்ந்துவிட்டது. ஒரு மாத எண் மூன்று மாத எண்ணுக்குக் கீழே வந்தது. பயம் பெரிதாக இருந்தாலும் உடனடித் தன்மை போய்விட்டது. விகிதத்தை நம்பியவர் சுமார் 2,800இல் திரும்ப வாங்கினார், விற்றதைவிடப் பத்து சதவீதம் மலிவு. அடிமட்டத்திலிருந்து கிடைத்த 25 சதவீத ஏற்றத்தை அவரும் தவறவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

20 என்ற கோட்டை நம்பியவர் காத்திருந்தார், பத்து மாதங்கள் இன்னும் காத்திருந்தார். 2021 பிப்ரவரி 12 வெள்ளியன்றுதான் விக்ஸ் 19.97இல் முடிந்தது. அடுத்த வர்த்தக நாளில் அவர் 3,932இல் வாங்கினார், விற்றதைவிட சுமார் 26 சதவீதம் அதிகம் கொடுத்து. வாங்கிய அன்று மாலையே விக்ஸ் மறுபடி 20க்கு மேல் போனது. விதி அவரை மீண்டும் விற்கச் சொன்னது. வெளியேறும் கதவாக அளவு மோசமில்லை. உள்ளே வரும் கதவாக அது பயன்படுவதே இல்லை என்பது என் முடிவு.

இந்த ஓர் ஆண்டை மட்டும் காட்டி விகிதத்தை யாராவது விற்க வந்தால், 2022ஐக் காட்டச் சொல்லுங்கள். ஜனவரி தொடக்கத்திலிருந்து அக்டோபர் 12 வரை எஸ் அண்ட் பி 25 சதவீதம் விழுந்தது. வட்டி ஏறிக்கொண்டே இருந்தது, அடுத்த கூட்டத்தில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தே இருந்தது. அதிர்ச்சி இல்லாத தேய்மானம். அந்த ஆண்டு முழுவதும் விக்ஸின் மிக உயர்ந்த முடிவு 36ஐச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். வளைவு சில சமயம் சில நாட்களுக்குத் தலைகீழாகி, உடனே நிமிர்ந்தது. அப்படித் தலைகீழான நாட்கள் பெரும்பாலும் குறுகிய கால அடிமட்டத்தை ஒட்டியவை. வடிகட்டி கீழே விற்று, சற்று மேலே வாங்கி, மறுபடி சரிவைச் சுமந்தது. மெதுவான வீழ்ச்சியை இந்தக் கருவி பார்ப்பதில்லை. அதற்கு 200 நாள் சராசரி போன்ற வேறு வடிகட்டி வேண்டும். விகிதத்தின் விதியை எவ்வளவு மெருகேற்றினாலும் இந்தக் குறை தீராது.

வேகம் மிக அதிகமானாலும் தோல்விதான். 2018 பிப்ரவரி 5 அன்று விக்ஸ் 17.31லிருந்து 37.32க்குத் தாவியது. பங்குகள் இறங்கியது 4 சதவீதம். விக்ஸ் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போனதற்குக் காரணம் விக்ஸின் சொந்த வாழ்க்கையில் இருந்தது. கண்டாங்கோ வளைவில் ஃபியூச்சர்ஸ் விலை நாளுக்கு நாள் தேய்ந்து கீழே வரும். அந்தத் தேய்மானத்தைச் சம்பாத்தியமாக்கும், XIV போன்ற எதிர்த்திசைப் பத்திரங்களில் பெரும்பணம் குவிந்திருந்தது. விக்ஸ் ஏறினால், நாள் முடிவில் அவை ஃபியூச்சர்ஸை வாங்கித் தங்கள் கணக்கைச் சரிசெய்தாக வேண்டும். அன்று எல்லாம் ஒரே நேரத்தில் வாங்கின, விலை இன்னும் ஏறியது, இன்னும் வாங்க வேண்டியதாயிற்று. XIV ஒரே மாலையில் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இழந்து, அதே மாதத்தில் மூடப்பட்டது. பயத்தை அளக்கப் பிறந்த எண் அன்று பயத்தை உண்டாக்கியது. நாள் முடிவில் சைகை பார்ப்பவருக்கு, சைகை வந்தபோது அடி விழுந்து முடிந்திருந்தது.

2024 ஆகஸ்ட் 5 வேறொரு பாடம். டோக்கியோ சந்தை நொறுங்கிய அந்தத் திங்களன்று, அமெரிக்கச் சந்தை திறக்கும் முன்பே விக்ஸ் 65.73 என்று காட்டியது. மாலையில் முடிந்தது 38.57இல். எஸ் அண்ட் பி இழந்தது 3 சதவீதம். காலையில் ஆப்ஷன்களை யாரும் பெரிதாக வாங்கி விற்கவில்லை. தொலைதூரப் புட்களுக்கு விற்போர் சொன்ன விலை மட்டும் விண்ணுக்குப் போனது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி விரிந்தால் நடுப்புள்ளியும் மேலே போகும். 2003இல் கணக்கில் சேர்ந்த தொலைதூரப் புட்களின் நடுப்புள்ளிதான் இந்த 65க்குப் பெரிய காரணம். இப்படிப்பட்ட எண்ணை அடையாளம் காண ஒரு வழி உண்டு: அதே நிமிடத்தில் அருகிலுள்ள மாத ஃபியூச்சர்ஸைப் பாருங்கள். அன்று அது விக்ஸுக்கு வெகு கீழே நின்றது. பணம் போட்டு விலைபேசுகிறவர்கள் 65ஐ நம்பவில்லை. நாள் நடுவே தெரியும் எண்ணை வைத்து வடிகட்டியை இயக்கக் கூடாது, முடிவு எண்ணே போதும்.

கடைசியாக 2025 ஏப்ரல். இறக்குமதி வரி அறிவிப்புக்கு அடுத்த நாள், 3ஆம் தேதி, விக்ஸ் 30இல் முடிந்தது, வளைவு தலைகீழ். அன்றைய எஸ் அண்ட் பி 5,396. அடுத்த நாள் முடிவில் விற்றால் 5,074. ஏப்ரல் 8 அன்று விக்ஸ் 52, குறியீடு 4,983. மறுநாள் வரிகள் பெரும்பாலும் தள்ளிவைக்கப்பட்டதும் ஒரே நாளில் 9.5 சதவீத ஏற்றம். வளைவு ஏப்ரல் கடைசி வாரத்தில்தான் நிமிர்ந்தது, அப்போது குறியீடு 5,500 அருகே. 5,074இல் விற்று 5,500இல் வாங்குவது 8 சதவீத இழப்பு. ஓர் அறிவிப்பில் வந்து இன்னோர் அறிவிப்பில் போகும் பயத்துக்கு இந்த வடிகட்டி தரும் விலை இது.

அதனால் சோதிப்பவரிடம் நான் கேட்பவை இரண்டு. முதலாவது, ஒப்பீடு எதோடு? வடிகட்டி போட்டவர் சில நாட்கள் பணமாக நிற்கிறார். அவருடைய ஏற்ற இறக்கம் குறைவது இயல்பு. அவரை முழுநேரம் பங்கிலிருந்தவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை. வடிகட்டி பத்தில் ஒன்பது நாள் பங்கிலிருந்தால், எப்போதும் 90 சதவீதம் பங்கும் 10 சதவீதம் பணமும் வைத்தவரோடு ஒப்பிட வேண்டும். அவரை வெல்லாத வடிகட்டி எதையும் கண்டறியவில்லை, வெறுமனே பங்கைக் குறைத்திருக்கிறது. இரண்டாவது, எத்தனை நிகழ்வுகள்? 2007 முதல் ஆயிரக்கணக்கான நாட்களுக்கு எண்கள் உண்டு. ஆனால் வளைவு பெரிதாகத் தலைகீழான நிகழ்வுகள் கைவிரல்களுக்குள் அடங்கும். 1.0க்குப் பதில் 1.03 என்று வைத்தால் விளைவு பிரமாதமாகிறது என்றால், அது 2008ஐயும் 2020ஐயும் மட்டும் மனப்பாடம் செய்த எண். 0.95, 1.0, 1.05 மூன்றிலும் விளைவு ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தால்தான் நம்பலாம். 1ஐ ஒட்டி எண் ஆடும் நாட்களில் வீணாக வாங்கி விற்காமலிருக்க, 1க்கு மேல் போனால் வெளியேறி 0.95க்குக் கீழே வந்தால் மட்டும் நுழைவது என்று ஓர் இடைவெளி விடலாம். அதற்கு மேல் விதிகளைக் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

விக்ஸ் இந்தியாவுக்கும் வந்தது. 2008இல் தேசியப் பங்குச் சந்தை நிஃப்டி ஆப்ஷன்களை வைத்து இந்தியா விக்ஸைத் தொடங்கியது. 2014இல் வந்த அதன் ஃபியூச்சர்ஸ் பெரிதாக எடுபடவில்லை. இந்தியா விக்ஸைப் பார்ப்பவருக்கு அளவு கிடைக்கிறது, வளைவு கிடைப்பதில்லை. 2024 ஜூன் 4 அன்று தேர்தல் முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தபோது நிஃப்டி சுமார் 6 சதவீதம் விழுந்தது, இந்தியா விக்ஸ் 26ஐத் தாண்டி முடிந்தது. அடுத்த நாளே 20க்குக் கீழே. அளவை மட்டும் பார்த்தவர் அடிமட்டத்தில் விற்றிருக்கக்கூடும். வளைவு வேண்டுமென்றால் அதைக் கையால்தான் கட்ட வேண்டும். இந்த மாத நிஃப்டி ஆப்ஷனிலும் இரண்டு மாதம் தள்ளிய ஆப்ஷனிலும் சந்தை விலையை ஒட்டிய புட், கால் விலைகளிலிருந்து உள்ளுறை ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, ஒன்றை மற்றதால் வகுக்க வேண்டும். தூர மாதத்தில் வர்த்தகம் மெல்லியது. எனவே கடைசியாகக் கைமாறிய விலையை எடுக்காமல், வாங்கும் விற்கும் விலைகளைப் பார்த்து, இடைவெளி விரிந்திருக்கும் நாட்களை ஒதுக்கிவிட்டுத்தான் அந்த விகிதத்தைப் பயன்படுத்த வேண்டும்.